ஃபேன் றெக்கை வீடியோவில் வளைகிறது: நிமிர்த்த எந்த வழி யாருக்கு?

"ஃபோனில் எடுத்த வீடியோவில் ஃபேன் றெக்கை அரிவாள் மாதிரி வளைஞ்சு வருது. ஷட்டர் ஸ்பீடை ஏத்திப் பார்த்தேன், இன்னும் மோசமாச்சு. 60 ஃப்ரேம் வைக்கட்டுமா, சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாமா, இல்ல கேமராவே மாத்தணுமா?"

வார்த்தைகள் மாறினாலும் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஷட்டர் ஸ்பீடைக் கூட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள். அது ஏன் வேலை செய்யாது என்பது புரிந்துவிட்டால் மற்ற வழிகளை எடைபோடுவது எளிது.

## வளைவு எங்கிருந்து வருகிறது

ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போது தாளைக் கொஞ்சம் இழுத்தால் எழுத்துகள் சாய்ந்து வரும். ஃபோன் சென்சாரிலும் அதேதான் நடக்கிறது. சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே நொடிப்பொழுதில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாகக் கீழே படித்துக்கொண்டு வருகிறது. இதற்குத்தான் ரோலிங் ஷட்டர் என்று பெயர். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் ஓடும் நேரம் ரீட்அவுட் நேரம். மில்லிநொடிக் கணக்குதான், ஆனால் ஃபேனுக்கு அது நிறைய நேரம்.

மையத்திலிருந்து நேராகக் கீழ்நோக்கி நிற்கும் ஒரு றெக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு அருகிலுள்ள பகுதி முதலில் படிக்கப்படுகிறது. நுனி இருக்கும் வரிசைக்கு முறை வருவதற்குள் ஃபேன் கொஞ்சம் சுற்றிவிடுகிறது. அதனால் நுனி விலகிய இடத்தில் பதிகிறது. நடுவிலுள்ள வரிசைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருப்பதால் றெக்கை உடையாமல் வளைகிறது. ஃபேனின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் கவனித்திருப்பீர்கள். றெக்கை கீழே இறங்கும் பக்கத்தில் அது ஸ்கேன் வரிசையோடு கூடவே ஓடுவதால் அகலமாக இழுபடும். மேலே ஏறும் பக்கத்தில் ஸ்கேனுக்கு எதிரே வருவதால் ஒடுங்கிப்போகும்.

இப்போது ஷட்டர் ஸ்பீடுக்கு வருவோம். அது ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வரிசைகளுக்கு இடையிலான தாமதம் அப்படியே இருக்கும். ஆக, 1/50-லிருந்து 1/1000-க்கு ஏற்றினால் கலங்கல் போய்விடும், வளைவு போகாது. இதுவரை கலங்கலுக்குள் ஒளிந்திருந்த அரிவாள் கூர்மையாக வெளியே தெரியும். "இன்னும் மோசமாச்சு" என்று அவர் சொன்னது இதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்: அசைவது எது? பொருளா, கேமராவா? நடந்துகொண்டே எடுத்ததில் சுவர்கள் ஜெல்லி மாதிரி ஆடினால் அசைந்தது கேமரா. ஃபேன், வண்டி, மட்டை என்றால் அசைந்தது பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு, இதைக் கலந்துகொண்டால் பணமும் நேரமும் வீண்.

அடுத்தது, ஸ்கேன் வரிசை அந்தப் பொருளின் மேல் எவ்வளவு நேரம் செலவிடுகிறது. வளைவின் அளவு இதைப் பொறுத்ததுதான்.

மூன்றாவது வெளிச்சம். வளைவைக் குறைக்கும் பெரும்பாலான வழிகள் வெளிச்சத்தைத்தான் விலையாகக் கேட்கும். அதோடு விளக்குகளின் சிமிட்டலும் சேர்ந்துகொள்ளும். கடைசியாக, படத்தின் தெளிவும் எடிட்டிங்கில் உட்கார வேண்டிய நேரமும்.

## முதலில் உங்கள் ஃபோனை அளந்துவிடுங்கள்

ரீட்அவுட் நேரத்தை ஃபோன் பெட்டியில் அச்சிடுவதில்லை. வீட்டிலேயே அளந்துவிடலாம், பத்து நிமிட வேலை.

மின்சாரத்தின் அலைவு 50 ஹெர்ட்ஸ் என்றால் அதில் சிமிட்டும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு முறை. மேனுவல் வசதியுள்ள கேமரா ஆப்பில் ஷட்டரை 1/2000-க்கு வைத்து, கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, அந்த விளக்கு மட்டும் எரியும் அறையில் வெள்ளைச் சுவரை நெருக்கத்தில் எடுங்கள். படத்தில் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். பட்டை விழவில்லையென்றால் விளக்கு நல்ல விளக்கு, வேறொன்றைத் தேடுங்கள். ஒரு ஃப்ரேமை நிறுத்தி, ஒரு கரும்பட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். படத்தின் உயரத்தை அந்த இடைவெளியால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் ரீட்அவுட் நேரம் மில்லிநொடியில் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 10-க்குப் பதில் 8.33.

என் ஃபோனில் 4K 30 ஃப்ரேமில் இடைவெளி ஏறத்தாழ 900 பிக்சல். 4K படத்தின் உயரமான 2160-ஐ 900-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 24 மில்லிநொடி. அதே ஃபோனில் 4K 60 வைத்தபோது இடைவெளி 1540-க்கு விரிந்தது, அதாவது 14 மில்லிநொடி. 1080p 240-ல் ஒரு பட்டைகூட முழுதாக வரவில்லை. நொடிக்கு 240 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 4.17 மில்லிநொடிக்கு மேல் கிடையாது என்பதால் அதை 4 என்று வைத்துக்கொண்டேன்.

ஃபேனின் வேகத்தையும் இதே ஃபோனில் பார்த்துவிடலாம். ஒரு றெக்கையில் காகித டேப் துண்டு ஒட்டி, 240 ஃப்ரேமில் எடுத்து, டேப் ஒரு சுற்று வர எத்தனை ஃப்ரேம் ஆகிறது என்று எண்ணினேன். 48 வந்தது. நொடிக்கு 5 சுற்று, நிமிடத்துக்கு 300. அதாவது ஒரு நொடியில் 1800 பாகை, ஒரு மில்லிநொடியில் 1.8 பாகை.

ஃபேன் படத்தின் உயரம் முழுவதையும் நிரப்பினால், ஸ்கேன் அதன் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு வருவதற்குள் சுற்றிவிடும் கோணம் 24 × 1.8 = 43 பாகை. மையத்திலிருந்து நுனிவரை மட்டும் பார்த்தால் இதில் பாதி. கண்ணில் அறைகிற வளைவு. கீழே எல்லா வழிகளையும் இந்த 43-ஓடுதான் ஒப்பிடப் போகிறேன்.

## வழி 1: தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது

பலருக்கும் தோன்றாத வழி இது. ஃபேன் படத்தின் பாதி உயரத்தில் அடங்கும்படி எடுத்தால், ஸ்கேன் அதன் மேல் பாதி நேரம்தான் செலவிடும். 24 மில்லிநொடி 12 ஆகிறது, 43 பாகை 22 ஆகிறது. 4K-யில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டினால் 1080p வீடியோ கையில் இருக்கும். செட்டிங் எதையும் தொட வேண்டாம், வெளிச்சமும் குறையாது.

ஜூம் செய்து நெருங்குவது இதற்கு நேர்மாறு. லென்ஸ் ஜூமில் ஃபேன் படத்தை நிறைக்க நிறைக்க வளைவும் ஏறும்.

செலவு, தெளிவில் விழுகிறது. வெட்டிய பகுதியில் பிக்சல் கால்வாசிதான் மிஞ்சும், மங்கலான அறையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். கடைசி வீடியோ 4K-யிலேயே வேண்டும் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

## வழி 2: ஃபோனைத் திருப்பிப் பிடிப்பது

ஃபேனுக்கு இது உதவாது, வட்டத்தை எந்தப் பக்கம் வெட்டினாலும் வட்டம்தான். பக்கவாட்டில் ஓடும் வண்டிக்கு மட்டும் சொல்கிறேன். படுக்கையாகப் பிடித்த ஃபோனில் ஒரு வண்டி படத்தைக் கால் நொடியில் கடந்தால், 24 மில்லிநொடியில் 369 பிக்சல் நகரும். அதன் நெட்டுக் கோடுகள் ஏறத்தாழ 10 பாகை சாயும். ஃபோனை நெட்டுக்குப் பிடித்தால் வரிசைகளும் நெட்டுக்கு வந்துவிடும், ஸ்கேன் பக்கவாட்டில் ஓடும். சாய்வு காணாமல் போகும். பதிலுக்கு, ஸ்கேன் திசையிலேயே ஓடும் வண்டி சுமார் 20 சதவீதம் நீளமாகவும், எதிர்த் திசையில் ஓடுவது சுமார் 15 சதவீதம் குட்டையாகவும் பதியும். சாய்ந்த கதவைக் கண் உடனே பிடித்துவிடும், நீண்ட வண்டியை லேசில் பிடிக்காது. நெட்டு வீடியோ போதும் என்பவர்களுக்கு இலவசமான வழி.

## வழி 3: 60 ஃப்ரேம்

60 வைத்தால் அசைவு மழமழவென்று தெரியும் என்பார்கள். வளைவு குறைவதற்குக் காரணம் அதுவல்ல. நொடிக்கு 60 ஃப்ரேம் தர வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடிக்குள் படித்து முடித்தாக வேண்டும். 30-ல் 33 வரை சோம்பலாகப் படிக்க இடமிருக்கிறது. 60 என்பது சென்சாரை விரட்டுகிற ஒரு சாட்டை.

என் ஃபோனில் 24 என்பது 14 ஆனது, 43 பாகை 25 ஆனது. எல்லா ஃபோனிலும் இப்படி ஆகாது. சில சென்சார்கள் 30 ஃப்ரேமிலும் அதே வேகத்தில்தான் படிக்கின்றன, படித்துவிட்டு மிச்ச நேரம் சும்மா இருக்கின்றன. அப்படிப்பட்ட ஃபோனில் 60 வைத்தால் ஃபைல் பெரிதாகும், வளைவு ஒரு பாகைகூடக் குறையாது. சுவர்ப் பட்டைச் சோதனையை முதலில் செய்யச் சொன்னதே இதற்குத்தான். பட்டை இடைவெளி 30-லும் 60-லும் ஒன்றாகவே இருந்தால் இந்த வழியைத் தாண்டிப் போங்கள்.

ஷட்டரை 1/60-ஐவிட மெதுவாக வைக்க முடியாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. 50 ஹெர்ட்ஸ் விளக்கில் சிமிட்டலைத் தவிர்க்க 1/50 அல்லது 1/100 வேண்டும், 60 ஃப்ரேமில் கிடைப்பது 1/100 மட்டும்தான். வெளிச்சம் பாதியாகிறது.

## வழி 4: ஸ்லோமோஷனில் எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவது

ஃபோனை மாற்றாமல் கிடைக்கும் அதிகபட்சம் இதுதான். 240-ல் எடுத்தால் என் கணக்கில் 43 பாகை 7 ஆகிறது. ஃபேன் றெக்கை பார்ப்பதற்கு றெக்கையாகவே இருக்கிறது. எடிட்டிங்கில் 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டு, எட்டு ஃப்ரேமுக்கு ஒன்று மிஞ்சும்படி வேகத்தை 8 மடங்கு கூட்ட வேண்டும். அப்போது ஃப்ரேம்களைக் கலக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு றெக்கைக்குப் பின்னால் ஏழு பேய் றெக்கை நிற்கும்.

இதன் மறைமுகச் செலவுகள் மற்ற வழிகளைவிடக் கனம். சென்சாரை இந்த வேகத்தில் படிக்க ஃபோன் வரிசைகளைச் சேர்த்தோ தாண்டியோ படிக்கிறது, அதனால் மெல்லிய கோடுகள் ரம்பப் பல் போல உடையும். ஷட்டர் குறைந்தது 1/240, ஆக 1/30-ல் கிடைத்திருக்கக்கூடிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். விளக்கு சிமிட்டும் அறையில் வீடியோ முழுக்கப் படபடக்கும். எட்டுக்கு ஒன்றாகப் பொறுக்கினாலும் படபடப்பு போகாது, வேறு தாளத்துக்கு மாறும், அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் மட்டும் இதை நம்பிக்கையாகச் சொல்வேன். 960 போன்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம், பல ஃபோன்களில் அவற்றில் பெரும்பகுதி ஃபோனே இடையில் கற்பனை செய்து சேர்க்கும் ஃப்ரேம்கள்.

## வழி 5: மறைப்பது

ஃபேன் உங்கள் வீடியோவின் நாயகனா, பின்னணியா? பேசுகிறவருக்குப் பின்னால் சுற்றுகிற ஃபேன் என்றால் வளைவைக் குறைக்கவே தேவையில்லை. ஷட்டரை 1/50-ல் வையுங்கள். அந்த 20 மில்லிநொடியில் றெக்கை 36 பாகை இழுபட்டுக் கலங்கிவிடும், 43 பாகை வளைவு அதற்குள் கரைந்துவிடும். கண்ணுக்கு அது "ஃபேன் ஓடுது" என்றுதான் படும்.

வெயிலில் ஃபோன் தானாகவே ஷட்டரை 1/2000 வரை கொண்டுபோவதால்தான் பகலில் வளைவு கத்தி மாதிரி தெரிகிறது. அப்போது லென்ஸ் மேல் மாட்டும் என்டி ஃபில்டர் வேண்டும், அதாவது கேமராவுக்கு ஒரு கூலிங்கிளாஸ். என் வேலையில் பத்துக்கு ஏழு முறை இந்த வழியோடு முடிந்துவிடுகிறது.

## வழி 6: சாஃப்ட்வேர்

கேமரா அசைந்ததால் வந்த ஜெல்லி ஆட்டத்துக்கு நல்ல மருந்து. ஃபோனின் கைரோ சென்சார் ஒவ்வொரு கணமும் கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது என்று பதிவு செய்தால், ஒவ்வொரு வரிசையையும் அதற்கேற்ப இழுத்து நிமிர்த்திவிடலாம். கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. அது உங்களிடம் ரீட்அவுட் நேரத்தைக் கேட்கும், சுவரில் அளந்த எண் அங்கே பயன்படும். ஃபோனின் சொந்த ஸ்டெபிலைசேஷன் அணைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே திருத்திய படத்தை இன்னொரு முறை திருத்தினால் புதிதாக நெளியும்.

ஃபேனுக்கு இது கைகொடுக்காது. கைரோவுக்குக் கேமரா தெரியும், ஃபேன் தெரியாது. படத்தின் பிக்சல்களை ஒப்பிட்டு அசைவை ஊகிக்கும் எடிட்டிங் வசதிகளும் உண்டு. ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு 60 பாகை தாவும் றெக்கையை அவை பின்தொடர முடியாமல் பக்கத்திலுள்ள கூரையையும் சேர்த்துப் பிசைந்துவிடும். நான் ஒரு மாலை முழுவதும் இதில் செலவழித்தேன். றெக்கை வளைந்தே இருந்தது, ட்யூப்லைட்டும் கூடவே வளைந்தது.

## வழி 7: வேறு கேமரா

குளோபல் ஷட்டர் சென்சாரில் எல்லா பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். வளைவு பூஜ்யம். தொழிற்சாலைக் கேமராக்களில் இது பழைய சங்கதி. முழுஃப்ரேம் கேமராக்களில் முதலாவதாக வந்தது 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III. படித்து முடிக்கும்வரை ஒவ்வொரு பிக்சலும் தன் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க ஒரு சேமிப்பிடம் வேண்டும், அந்த இடம் ஒளி வாங்கும் பரப்பில் பங்கு கேட்கும். அந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு எண், 250 என்ற உயரத்தில் தொடங்குவது இதற்கான விலை. ஒரு மைக்ரான் அளவே உள்ள ஃபோன் பிக்சலில் இந்தப் பங்கைக் கொடுப்பது இன்னும் கடினம்.

இதற்கு ஒரு படி கீழே, சென்சாருக்கு அடியிலேயே நினைவகத்தை அடுக்கி வேகமாகப் படிக்கும் கேமராக்கள் இருக்கின்றன. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, சென்சார் நான்கு மில்லிநொடிக்குள் படித்துவிடுவதால் தேவைப்படவில்லை. அந்த வேகம் வீடியோவிலும் கிடைத்தால் நம் ஃபேன் 7 பாகைக்குள் நிற்கும். ஆனால் 240 ஃப்ரேம் ஃபோனிலும் நமக்கு 7 கிடைத்தது. கேமரா வாங்குவதில் கூடுதலாகக் கிடைப்பது, அந்த 7 பாகையைத் தெளிவும் வெளிச்சமும் குறையாமல் பெறுவது. மட்டைவீச்சு, இயந்திர பாகங்கள் என்று இதையே தொழிலாக எடுப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. வீட்டு ஃபேனுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | என் ஃபேனில் | வெளிச்சம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| எதுவும் செய்யாமல், 4K 30 | 43° | முழுது | – |
| தள்ளி நின்று வெட்டுவது | 22° | முழுது | பிக்சல் கால்வாசி |
| ஃபோனைத் திருப்புவது | மாறாது. வண்டிக்கு உதவும் | முழுது | நீள அகலம் பிசகும் |
| 60 ஃப்ரேம் | 25° | பாதி | சில ஃபோனில் பலனே இல்லை |
| 60 + தள்ளி நிற்பது | 13° | பாதி | இரண்டும் சேர்ந்து |
| 240 ஃப்ரேம் | 7° | எட்டில் ஒன்று | சிமிட்டல், ரம்பப் பல் |
| 1/50-ல் மறைப்பது | 43°, கண்ணுக்குத் தெரியாது | முழுது | பகலில் ஃபில்டர் |
| சாஃப்ட்வேர் | மாறாது. கேமரா ஆட்டத்துக்கு உதவும் | முழுது | எடிட்டிங் நேரம் |
| வேகமான கேமரா | 7° அல்லது 0° | முழுது | பணம் |

## கேட்டவர் என்ன செய்தார்

முதலில் கேட்டவருக்கு ஃபேன்தான் நாயகன்: ஃபேன் பழுதுபார்த்து, சுற்றுவதைக் காட்ட வேண்டும். மறைக்கும் வழி அவருக்கு ஆகாது. 240 எடுத்துப் பார்த்தார், அறை இருட்டாகிவிட்டது. கடைசியில் ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஃபேன் பாதி உயரத்தில் வரும்படி தள்ளி நின்று 4K 60-ல் எடுத்தார். 13 பாகை, ஒரு றெக்கைக்கு ஆறு ஏழுதான். திருப்தி.

மறுநாள் மீண்டும் கூப்பிட்டார். "வளைவு போச்சு, ஆனா இப்ப ஆறு றெக்கை தெரியுது, ஃபேன் சுத்தாம நின்ன இடத்துலயே துடிக்குது." வீடியோவை 30 ஃப்ரேமாக மாற்றி ஏற்றியிருந்தார். 300 சுற்று ஓடும் ஃபேன் 30 ஃப்ரேமில் ஒவ்வொரு முறையும் 60 பாகை தாவும். மூன்று றெக்கைக்கு இடையிலான தூரம் 120 பாகை, அதில் சரிபாதி இது. முன்னால் போனதா பின்னால் போனதா என்று கண்ணால் சொல்ல முடியாது. இது ரோலிங் ஷட்டர் கோளாறு இல்லை, குளோபல் ஷட்டரிலும் இப்படித்தான் வரும். 60-லேயே ஏற்றச் சொன்னேன். அது முடியாதென்றால் ரெகுலேட்டரை ஒரு படி குறைத்து 240 சுற்றில் ஓட்டி எடுக்கலாம். தாவல் 48 பாகைக்கு இறங்கும், ஃபேன் சரியான திசையில் சுற்றும்.